எந்தப் பெட்டி விழுந்தால் தளம் முடங்கும்?

ஒரு கல்லூரியின் சேர்க்கை விண்ணப்பத் தளத்தை எடுத்துக்கொள்வோம். கடைசி நாளன்று ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள். அமேசானின் மும்பை கிளவுடில் அது ஓடப்போகிறது. கட்டுவதற்கு முன் அதன் வரைபடத்தைப் போட வேண்டும். draw.io போன்ற இலவசக் கருவியில் அமேசானின் ஐகான்கள் எல்லாம் இருப்பதால், பலரும் முதலில் ஐகான்களை இழுத்துப் போட ஆரம்பிக்கிறார்கள். எல்லைகளை முதலில் போடுவதுதான் சரி என்பேன். ஒரு பொருள் என்ன என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

வெளியே ஒரு பெரிய பெட்டி. அது மும்பை ரீஜன், `ap-south-1`. அதற்குள் பக்கத்தில் பக்கமாக இரண்டு பத்திகள்: `ap-south-1a`, `ap-south-1b`. இவை தனித்தனி மின்சாரத்தில் இயங்கும் தனித்தனி டேட்டா சென்டர் தொகுதிகள். மும்பையில் இப்படி மூன்று உண்டு. நம் தளத்துக்கு இரண்டு போதும். லோட் பேலன்சரை இரண்டு பத்திகளையும் தொட்டுக்கொண்டு மேலே குறுக்காக வரையுங்கள். பார்க்க ஒரே பெட்டி என்றாலும் அது ஒரே இயந்திரம் இல்லை, இரண்டு பத்திகளிலும் அதற்கு இடம் கொடுத்தாக வேண்டும். அதன் கீழே பத்திக்கு ஒரு ஆப் சர்வர். அடியில் இடப்பக்கம் முதன்மை டேட்டாபேஸ், வலப்பக்கம் அதன் மாற்று.

அடுத்தது அம்புகள். யார் முதலில் பேச்சைத் தொடங்குகிறாரோ அவரிடமிருந்து அம்பு கிளம்பட்டும், அதன் மேல் போர்ட் எண்ணை எழுதுங்கள். பயனரிடமிருந்து லோட் பேலன்சருக்கு 443, அங்கிருந்து ஆப் சர்வருக்கு 8080, ஆப் சர்வரிலிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு 5432. இந்த மூன்று அம்புகளும் அப்படியே ஃபயர்வால் விதிகளாகிவிடும். படத்தில் அம்பு இல்லாத வழி சர்வரிலும் திறந்திருக்கக் கூடாது.

டேட்டாபேஸ் வரிசையில்தான் பெரும்பாலான படங்கள் தவறான எண்ணத்தைத் தந்துவிடுகின்றன. இரண்டு பிரதிகளையும் ஒரே மாதிரிக் கோட்டால் இணைத்து, ‘ரெப்ளிகேஷன்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆனால் பிரதிகளில் இரண்டு வகை உண்டு. மாற்று டேட்டாபேஸில் எழுதி முடிந்த பிறகே, முதன்மை ‘பதிவாகிவிட்டது’ என்று ஆப் சர்வரிடம் சொல்லும். முதன்மை விழுந்தால் வழக்கமாக ஒன்றிரண்டு நிமிடத்தில் மாற்று அதன் இடத்துக்கு வந்துவிடும், பதிவான விண்ணப்பம் எதுவும் தொலையாது. இதை அழுத்தமான கோடாகப் போடுங்கள்.

படிப்பதற்கென்றே வைக்கும் ரீட் ரெப்ளிகா வேறு வகை. முதன்மை அதற்காகக் காத்திருப்பதில்லை, தகவல் பின்னால் வந்து சேரும். சாதாரண நாளில் தாமதம் தெரியாது. கடைசி நாள் நெரிசலில் அது பத்து விநாடி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவி ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்துகிறாள், அடுத்த பக்கம் ரெப்ளிகாவிலிருந்து படிக்கிறது, ‘உங்கள் விண்ணப்பம் எதுவும் இல்லை’ என்று காட்டுகிறது. அவள் பதறிப்போய் மறுபடி விண்ணப்பிக்கிறாள். `ReplicaLag` என்ற வரைகோடு ஏறிக்கொண்டிருந்தால் சிக்கல் இதுதான். ஆகவே இந்தக் கோடு புள்ளிக்கோடாக இருக்கட்டும். எந்தப் பக்கம் எங்கிருந்து படிக்கும் என்பதையும் படத்திலேயே எழுதுங்கள்: மாணவியின் சொந்த விண்ணப்பம் முதன்மையிலிருந்து, பாடப்பிரிவுப் பட்டியல் ரெப்ளிகாவிலிருந்து. இன்னொன்று, யாராவது தவறுதலாக ஒரு அட்டவணையை அழித்தால் அந்த அழிப்பும் பிரதிகளுக்குப் போய்விடும். அதனால் பேக்கப்புக்குத் தனிப் பெட்டி வேண்டும்.

படம் முடிந்ததும் ஒவ்வொரு பெட்டியையும் விரலால் மறைத்துப் பாருங்கள். இடப்பக்க ஆப் சர்வரை மறைத்தால், லோட் பேலன்சர் அரை நிமிடத்துக்கு ஒருமுறை `/health` என்று கேட்டு, இரண்டு முறை பதில் வராவிட்டால் அதை ஒதுக்கிவிடும். தளம் ஓடும். ஆனால் மதிப்பெண் சான்றிதழ்ப் படங்களை அந்தச் சர்வரின் டிஸ்கிலேயே வைத்திருந்தால்? அவை அதோடு போயின. படங்களுக்கு எஸ்3 பெட்டி ஒன்று வெளியே வேண்டும் என்பது இப்போதுதான் உறைக்கும். அடுத்து இடப்பத்தி முழுவதையும் மறையுங்கள். ஓடிபி எஸ்எம்எஸ் அனுப்ப சர்வர்கள் வெளியே போகும் நாட் கேட்வே அந்தப் பத்தியில் மட்டும் இருந்தால், வலப்பக்கம் நலமாக இருந்தும் யாராலும் லாகின் செய்ய முடியாது. பத்திக்கு ஒன்று வைத்தால் மாதச் செலவு கூடும், ஆனால் இங்கே அந்தச் செலவு அவசியம்.

கடைசியாக, மும்பைப் பெட்டியையே மறைத்துப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சாது. இதற்காக முழுத் தளத்தையும் இன்னொரு ஊரில் கட்டுவது ஒரு கல்லூரிக்கு அதிகம். ஹைதராபாத் ரீஜனுக்கு, அதாவது `ap-south-2`-க்கு, பேக்கப் பிரதி போனால் போதும். வெளியே ஒரு சின்னப் பெட்டி, அதற்கு ஒரு புள்ளிக்கோடு. கோட்டின் மேல் ‘தினமும் இரவு 2 மணி’ என்று எழுதிவிட்டால், அப்படியொரு விபத்தில் அதிகபட்சம் ஏறத்தாழ ஒரு நாள் விண்ணப்பங்கள் போகும் என்பது கல்லூரி முதல்வருக்கும் புரிந்துவிடும். அது பரவாயில்லையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.