வேலி போன பின்னும் வேலி

பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நின்ற ஒரு சிறுமியின் புகைப்படம் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. அவளுக்குப் பின்னால் கம்பிவலை வேலி. அதற்கும் அப்பால் புல்வெளியும் ஒரு வேப்பமரமும். வேலியை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்பது அவளுடைய தாயாரின் விருப்பம். குளோன் ஸ்டாம்ப் என்ற கருவியால், பக்கத்திலிருந்த புல்லை எடுத்து ஒவ்வொரு கம்பியின் மேலும் பூசிக்கொண்டே போய், ஒரு கம்பிகூட மிச்சமில்லாமல் மறைத்துவிட்டேன். ஆயினும் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தபோது, அதே வேலி புல்லின்மேல் சாய்சதுரங்களாக மங்கித் தெரிந்தது.

காரணம் இதுதான். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரே பக்கத்திலிருந்து, ஒரே தூரத்திலிருந்து புல்லை எடுத்தபடியால், பூச்சில் நேர்ந்த சின்னஞ்சிறு பிழையும் ஒவ்வொரு கட்டத்திலும் அதே ஸ்தானத்தில் விழுந்தது. தனியாக இருந்தால் எவர் கண்ணிலும் படாத அந்தப் பிழை, நூற்றுக்கணக்கான முறை வரிசை பிசகாமல் திரும்ப வரும்போது, ஒழுங்கைத் தேடிக்கொண்டேயிருக்கும் நம் பார்வை அதைக் கோர்த்து ஒரு வலையாக்கிவிடுகிறது.

ஆகவே மறுமுறை பூசத் தொடங்குமுன் அளந்து பார்த்தேன். படத்தை 400 சதவீதம் பெரிதாக்கியபோது, கம்பியின் நடுப்பகுதி 4 பிக்செல் அகலமாகவும், கேமராவின் குவியம் சிறுமியின் முகத்தில் இருந்தமையால் கம்பியின் இருபுறமும் 3 பிக்செல் அளவுக்குச் சாம்பல் நிறம் கசிந்தும் இருந்தது. இந்தக் கசிவை விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் மறைப்பவர்கள், அதையே தூரிகையால் அள்ளிப் புல்லெங்கும் அழுக்காகத் தேய்க்கிறார்கள். ஆனால் அகலத்தைக் கூட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. கம்பிக்குக் கம்பி இடைவெளி 60 பிக்செல். 4 பிக்செல் பட்டையாக மறைத்தால் பின்னணியில் 13 சதவீதந்தான் போகும், 10 பிக்செல் பட்டையாக மறைத்தாலோ 31 சதவீதம் போய்விடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலத்தை நாமே படைத்தாக வேண்டும்.

படைக்கும்போது முதலில் கோடுகளைக் கவனிக்க வேண்டும். வேப்பமரத்து அடிமரத்தின் விளிம்பு வேலியால் எங்கெங்கே துண்டிக்கப்பட்டதோ, அங்கெல்லாம் மரத்தின் பட்டையைக் கொண்டே இணைத்தேன்; விளிம்பு நேரானபிறகு உட்புறம் தானாகவே வசப்படும். பிறகுதான் புல். எடுக்கும் இடம் கம்பிக்குக் குறுக்கே 60 பிக்செல் தள்ளியிருந்தால் அங்கேயும் கம்பிதான் இருக்கும். ஆதலால் ஒருமுறை ஒருபுறம் ஒன்றரைக் கட்டம், அடுத்த முறை மறுபுறம் இரண்டரைக் கட்டம் என்று திசையையும் தூரத்தையும் மாற்றிக்கொண்டே, ஒரு கட்டத்தின் பக்கத்தைக் காட்டிலும் நீளாத தீற்றல்களாகப் பூசினேன். பிழை அப்போதும் இருக்கத்தான் செய்யும். ஆனால் வரிசையாக இராது.

இன்னொரு சூட்சுமம் தூரிகையின் ஓரத்தில் இருக்கிறது. மென்மையான ஓரம் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. அந்த ஓரத்தில் பழைய புல்லும் புதிய புல்லும் பாதிக்குப் பாதி கலக்கும்போது, கேமரா பதிந்த இயல்பான பொடிமணிகள் சுமார் 70 சதவீதமாகத் தணிந்துவிடுகின்றன; குழைத்துப் பூசியது போல் தெரியும் அந்தத் தடம் இதனால்தான் உண்டாகிறது. மென்மையைக் குறைத்தவுடன் புல் மறுபடியும் புல்லாயிற்று. சோதிப்பதற்குப் படத்தைக் கால் பங்காகச் சுருக்கி, ஒளி நிழல் வேற்றுமையைக் கூட்டி, தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். வலை மிஞ்சியிருந்தால் அந்நிலையில் நிச்சயம் தெரியும்.

வேலிக்குப் பின்னால் புல்லுக்குப் பதில் டைல் பதித்த சுவர் இருந்தால் விதி தலைகீழாகிறது. அங்கே ஒழுங்கு காக்கப்பட வேண்டும்: இணைப்புக் கோட்டையும் சேர்த்து ஒரு டைலின் அகலமோ அதன் முழு மடங்கோதான் நகர்த்தும் தூரம். சுவர் சாய்வாகத் தெரிந்தால் தூரத்து டைல்கள் சிறுத்துப்போகும். ஆகையால் முதலில் பார்வைக்கோணத்தை நேராக்கிவிட்டுத்தான் நகலெடுக்க வேண்டும். இணைப்புக் கோடு இம்மியளவு விலகினாலும் கண் பிடித்துவிடும். விழித்திரையின் ஓர் உயிரணுவைக் காட்டிலும் சிறிய விலகலைக்கூட உணரும் இத்திறனுக்கு 1975-இல் ஜெரால்டு வெஸ்ட்ஹைமர் அதிகூர்மை என்ற பொருளில் பெயரிட்டார்.

வேலி நீக்கத்தைக் கணினியிடமே ஒப்படைக்கும் முறையை யான்ஷி லியுவும் அவருடைய சகாக்களும் 2008-இல் வெளியிட்டார்கள். வலையின் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது, கம்பிகளைப் பிரித்துக் குறிப்பது, மறைந்த இடத்தை நிரப்புவது என்பதே அதன் கிரமம். கண்ணுக்குப் பகையான அந்த ஒழுங்கையே அவர்கள் கம்பியைத் தேடும் துப்பாகக் கொண்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சிறுமியின் தலைமயிர் கம்பியைத் தொடும் இடத்தில் எந்த முறையும் பலிக்கவில்லை. மயிரிழையும் கம்பியின் கசிவும் ஒரே பிக்செலில் கலந்துவிட்டன. அங்கே மட்டும் பழையதை அழித்து, தனி லேயர் ஒன்றில், ஒரு பிக்செல் தூரிகையால், ஏழெட்டு இழைகளை அவள் தலைமயிரின் நிறத்திலேயே கையால் வரைந்தேன்.