தரம் ஒன்றின் சட்டத்தை யார் எழுதுவது?

தரம் ஒன்று வகுப்பறைகளில் “அமைதி பேணுக”, “ஒழுக்கம் காக்க” என்று எழுதித் தொங்கும் அட்டைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை வாசிக்கவும் தெரியாது, வாசித்துக் காட்டினாலும் என்ன செய்ய வேண்டும் என்று விளங்காது. அதனால் என் வகுப்பில் சட்டங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் ஆக்குகிறேன். நாளுக்கு இருபது நிமிடப்படி நான்கு நாட்கள் போதும்.

முதல் நாள் “என்ன சட்டம் வேணும்?” என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால், பெரியவர்கள் சொல்லித் தந்ததையே திருப்பிச் சொல்வார்கள். “வகுப்பில எது நடந்தா அழுகை வருது?” என்று கேட்பேன். இம்முறை அதிகம் வந்த முறைப்பாடு அழிறப்பரைப் பறிப்பது பற்றியது.

இரண்டாம் நாள் அதற்கு ஒரு படம் வரையச் சொன்னேன். இருவர் இழுபறிப்படும் படத்தை வரைந்து, மேலே சிவப்புப் புள்ளடி போட்டார்கள். இங்கேதான் கவனம் தேவை. இந்த வயதில் புள்ளடியை விட இழுபறிதான் கண்ணில் படும், பதிலுக்கு என்ன செய்வது என்பது படத்தில் இல்லை. “பறிக்காம எப்படி எடுக்கலாம்?” என்று கேட்டு, இருவரை நடித்துக் காட்ட வைத்தேன். ஒரு பிள்ளை கையை விரித்து நீட்டினாள். “கேட்டுட்டு எடுக்குற” என்றான் இன்னொருவன். அதுவே சட்டமாயிற்று. விரித்த கையில் ஓர் அழிறப்பர், அதுவே படம்.

அந்த வசனத்தை நான் எழுத்துத் தமிழுக்கு மாற்றவில்லை. தாம் சொன்னது என்பதால் எழுத்துத் தெரியாத பிள்ளையும் படத்தைப் பார்த்து அதை அப்படியே சொல்லிவிடும். எழுத்துத் தமிழைத் தமிழ்ப் பாடத்தில் படிக்கட்டும்.

மூன்றாம் நாள் தெரிவு. கையுயர்த்தச் சொன்னால் கூட்டாளியின் கையைப் பார்த்தே உயர்த்துவார்கள். ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்து, பிடித்த படத்தின் மேல் தனித்தனியாக வந்து வைக்கச் சொல்கிறேன். நான்கு சட்டங்களுக்கு மேல் வேண்டாம், ஐந்தாவது நினைவில் நிற்காது. பாடசாலைக் கேற்றைத் தாண்டுவது போன்ற பாதுகாப்பு விடயங்களுக்கு வாக்கெடுப்பே கிடையாது. அவற்றை நானே சொல்லிவிடுகிறேன்.

நான்காம் நாள் எல்லோரும் பெருவிரல் அடையாளம் வைத்து, அட்டையைப் பிள்ளையின் கண் மட்டத்தில், ஏறத்தாழ மூன்றரை அடி உயரத்தில் ஒட்டுகிறோம்.

ஒட்டிய முதல் வாரம் முறைப்பாடு கூடும். “டீச்சர், இவன் சட்டத்த மீறிட்டான்” என்று ஓடி வருவார்கள். நான் தண்டிக்காமல் இருவரையும் அட்டைக்கு முன் கூட்டிப்போய், படத்தில் உள்ளபடி மறுபடி செய்யச் சொல்கிறேன். சில வாரங்கள் கழிந்தும் ஒரு சட்டத்துக்கு முறைப்பாடு மட்டுமே வந்தால் படமோ வசனமோ சரியில்லை என்று அர்த்தம். பிள்ளைகளோடு இருந்து அதை மாற்ற வேண்டும்.

இம்முறை நான்காவது சட்டம் எனக்கானது: “டீச்சரும் கத்தாம சொல்ற.” அதன் கீழ் என் பெருவிரல் அடையாளமும் இருக்கிறது. அதை நான் மீறும் நாளில் மற்ற மூன்றும் வெறும் அட்டைதான்.

பெற்றோரே, அட்டை இல்லாத வீட்டில் வைத்து உங்கள் பிள்ளையிடம் வகுப்புச் சட்டங்களைக் கேட்டுப் பாருங்கள். நடித்துக் காட்டினால் அது பிள்ளையின் சட்டம்.