எழுத்தும் காசும் – 9: தீபாவளிக்கு அறுபத்து மூன்று எழுத்து

கூகுள் அட்சென்ஸ் 2018-இல் தமிழைச் சேர்த்துக்கொண்டதையும், நூறு டாலர் சேராமல் அது பணம் அனுப்பாது என்பதையும் போன வாரமே சொல்லியாயிற்று. கணக்கு மட்டும் பாக்கி. ஆயிரம் பார்வைக்கு ஒரு வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் இருபதாயிரம் பார்வை வந்தால் இருபது வெள்ளி. நூறு டாலரைச் சுமாராக நானூறு வெள்ளி என்று பிடித்தால், முதல் காசு கைக்கு வர இருபது மாதம் ஆகும்.

அதனால் விளம்பரம் கேட்டு நேரே கடைக்காரரிடம் போகலாம். மலாக்கா ஜாலான் பெண்டஹாராவில் சேலைக்கடை வைத்திருப்பவருக்கு மதுரை வாசகரால் பயனில்லை. புக்கிட் அசாஹான், தெபோங், மெர்லிமாவ் பக்கம் இருப்பவர்களும், அங்கே பிறந்து ஜொகூரில் வேலை பார்த்துத் தீபாவளிக்கு வீடு திரும்புபவர்களும்தான் அவருக்கு வேண்டும். “அவங்க உங்க வலைப்பூவைப் படிக்கிறாங்கன்னு எப்படி நம்புறது?” என்பார். நியாயமான கேள்வி. கூகுள் அனலிடிக்ஸைத் திறந்து காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். கைப்பேசி இணையத்தில் படிப்பவர் ஜாசினில் உட்கார்ந்திருந்தாலும், பல நேரம் கோலாலம்பூர் என்றே அது காட்டும்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதற்கான மருந்துதான். கடையின் வாட்ஸ்அப் எண்ணை இப்படி ஓர் இணைப்பாக்கிக் கட்டுரையின் அடியில் போடுங்கள்:

```
https://wa.me/6012XXXXXXX?text=MLK
```

வாசகர் தொட்டதும் கடைக்கான உரையாடல் திறக்கும். ‘MLK’ என்ற சொல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அவர் அனுப்ப வேண்டியதுதான். மாதக் கடைசியில் கடைக்காரரே தம் கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேடி எண்ணிக்கொள்வார். அனுப்பாமல் நேரே கடைக்கு நடந்து வருபவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எண்ணில் தடுமாறுபவர்கள் உண்டு. 012-இல் தொடங்கும் எண்ணுக்கு முன்னால் 6 மட்டும் போட்டால் போதும். நாட்டு எண் 60 ஆயிற்றே என்று 60012 என எழுதினால் இணைப்பு வேலை செய்யாது.

அடையாளச் சொல்லைத் தமிழில் வைக்கலாமே என்று எனக்கும் ஆசைதான். இணைய முகவரிக்குள் போகும்போது தமிழின் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக நீளும். கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். ‘தீபாவளி’யில் ஏழு குறியீடு, ஆக அறுபத்து மூன்று எழுத்து! இணைப்பு அப்போதும் வேலை செய்யும். ஆனால் அந்த வாலைப் பார்த்தால் மோசடிக்காரன் அனுப்பியது என்று நம் அத்தைமார்கள் தொடக்கூட மாட்டார்கள்.

விலையை முதல் மாதம் குறைவாகவே சொல்லுங்கள், ‘MLK’ எத்தனை வந்தது என்று பார்த்துவிட்டு அடுத்த மாதம் பேசுங்கள். தீபாவளி முடிந்ததும் கடைக்காரர் கையை மடக்கிக்கொள்வார், ஆகவே பேச்சை இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

தோட்டக் கதைகளைப் புத்தகமாக்கி விற்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இடமில்லை, அடுத்த வாரம். அதற்குள் அச்சகத்தில் விலை கேட்பவர்கள், சட்டப்படி தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டிய ஐந்து பிரதிகளையும் சேர்த்துக் கேளுங்கள்.