காலைக் குமட்டலுக்கு முந்தைய இரவைக் கேளுங்கள்

பல் தேய்க்கும்போதே வயிற்றைப் புரட்டுகிறது, தொண்டையில் புளிப்பாகவோ கசப்பாகவோ ஏதோ வந்து நிற்கிறது என்று ஒரு பெண் சொன்னால், வீட்டில் எழும் முதல் கேள்வி “ஏதும் விசேஷமா?” என்பதுதான். நாள் தள்ளிப்போயிருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவதே சரி. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களும்தான். கர்ப்பம் இல்லை என்று தெரிந்த பிறகும் குமட்டல் வாரக்கணக்கில் நீடித்தால், பெரும்பாலும் பித்தத்தின் மேல் பழியைப் போட்டு எலுமிச்சைச் சாறு குடிக்கிறார்கள். புளித்து எரியும் வயிற்றில் இன்னும் புளிப்பை ஊற்றுவது எரிச்சலைக் கூட்டத்தான் செய்யும்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் 40 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மதியம் அவசரமாக நாலு வாய் சோறு, சாயங்காலம் ஒரு டீ. கடை அடைத்து, பஸ் பிடித்து வீடு சேர இரவு பத்தரை. அன்றைக்கு வயிறார உண்பதே அப்போதுதான்: சோறு, குழம்பு, பொரியல், சில நாள் பார்சல் பரோட்டாவும் சால்னாவும். பாத்திரம் கழுவி வைத்துவிட்டு 11.15க்குப் படுக்கிறார்.

திட உணவு இரைப்பையை விட்டு இறங்க ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். எண்ணெயும் கொழுப்பும் மிகுந்தால் இன்னும் தாமதம். அவர் படுக்கும்போது சாப்பாடு மொத்தமும் வயிற்றில்தான் இருக்கிறது. இரைப்பை அமிலம் இயல்பாகவே அதிகம் சுரப்பதும் முன்னிரவு நேரத்தில்தான். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வட்டமான ஒரு தசை, சாப்பாடு மேலே வராமல் இறுக்கிப் பிடித்திருக்கும். வயிறு நிறைந்து விரியும்போது அது அடிக்கடி தளர்ந்துவிடுகிறது. நிற்கும்போது அமிலம் கீழேயே தங்கும். படுத்துவிட்டால் உணவுக்குழாயும் இரைப்பையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன.

பகலிலும் அமிலம் கொஞ்சம் மேலே வரத்தான் செய்யும். ஆனால் நாம் எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். காரத்தன்மை உள்ள அந்த எச்சில், அமிலத்தைக் கழுவி இறக்கிவிடும். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் வெகுவாகக் குறைந்துவிடுவதால், மேலே வந்த அமிலம் அங்கேயே நெடுநேரம் நிற்கிறது. அதனால்தான் நெஞ்செரிச்சலே தெரியாமல் தூங்கி எழுந்தவருக்கும் காலையில் புளித்த வாய், கரகரத்த தொண்டை, குமட்டல் எல்லாம் சேர்ந்து வருகின்றன. ஏற்கெனவே எரிந்து கிடக்கும் தொண்டைப் பக்கம் பிரஷ் போனதும் ஓங்கரிப்பு வருவதும் இதனால்தான்.

தூக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. அமிலம் மேலேறும்போது, நமக்கே தெரியாமல் தூக்கம் கலைகிறது. தூக்கம் கெட்ட மறுநாள், அதே அளவு அமிலம் பட்டாலும் உணவுக்குழாய் கூடுதலாக எரிகிறது; குடலும் மூளையும் எந்தச் சிறு தொந்தரவையும் பெரிதாக உணர்கின்றன. அமிலம் தூக்கத்தைக் கெடுக்க, கெட்ட தூக்கம் குமட்டலை வளர்க்கிறது. மருந்து மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு, தினமும் ஐந்து மணி நேரமே தூங்குகிறவர்களுக்கு முழு நிவாரணம் கிடைக்காமல் போவது இதனால்தான்.

அந்தப் பெண் கடை நேரத்தை மாற்ற முடியாது. சாப்பாட்டை இடம் மாற்றலாம். மதிய டப்பாவை நிறைவாக்கி, வழி கிடைத்தால் ஏழு மணி வாக்கில் கடையிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டால், பத்தரைக்கு அரை வயிறு மோர் சாதம் போதும். படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பு பெரிய சாப்பாட்டை முடித்துவிடுவதே குறி. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே அமையும், அமிலம் ஏறுவது குறையும். தலையணைகளை அடுக்கினால் கழுத்தும் வயிறும்தான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. உயரத்துக்குக் கட்டை கொடுப்பதே பலன் தரும். இரண்டு வாரம் இப்படி இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரிய வேண்டும். மருத்துவர் பான்டோபிரசோல் போன்ற மாத்திரை எழுதித் தந்தால், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் வேலை பாதிதான் நடக்கும்.

எல்லாக் காலைக் குமட்டலும் அமிலத்தால் வருவதில்லை. மெட்ஃபார்மின், இரும்புச்சத்து மாத்திரை, வலிமாத்திரை ஆகியவையும் குமட்டலைத் தரும். நெடுநாள் சர்க்கரை உள்ளவர் முந்தைய நாள் சாப்பாட்டையே வாந்தியெடுத்தால், இரைப்பையின் இயக்கம் மந்தமாகியிருக்கலாம். சிறுநீரகக் கோளாறிலும் காலையில் குமட்டும். எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, காலையில் தலைவலியோடு வாந்தி வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாந்தியில் ரத்தம், தார் போல் கறுத்த மலம், நெஞ்சு வலியோடு வியர்வை என்றால் நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.