சுடோகுவைப் படத்திலிருந்து கட்டத்துக்கு மாற்றுதல்

படமெடுத்த சுடோகுவைக் கட்டத்தில் எழுதும்போது, எழுத வேண்டியவை அச்சிட்ட எண்கள் மட்டுமே. ஏற்கெனவே யாரோ பேனாவால் நிரப்பிப் பார்த்த தாளாக இருந்தால், கையெழுத்து எண்களை ஒதுக்கிவிட வேண்டும். அவற்றில் ஒன்று தவறாக இருந்தாலும் புதிர் முழுவதும் கெட்டுவிடும். படம் சாய்ந்திருந்தாலோ மடிப்பில் வளைந்திருந்தாலோ எண் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே குழப்பமாகும். அப்போது ஒன்பது பெட்டிகளைப் பிரிக்கும் தடித்த கோடுகளை முதலில் கண்டுகொண்டு, அவற்றை வைத்து இடத்தை அளக்கலாம்.

வரிசைக்கு ஒன்பது குறிகளாக, வெற்றுக் கட்டத்துக்கு ஒரு புள்ளி வைத்து எழுதுவது வசதி. விக்கிப்பீடியாவின் சுடோகு கட்டுரையில் எடுத்துக்காட்டாக உள்ள புதிர் இப்படி அமையும்:

```
53..7....
6..195...
.98....6.
8...6...3
4..8.3..1
7...2...6
.6....28.
...419..5
....8..79
```

எழுதி முடித்ததும் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். படத்திலும் 30, தாளிலும் 30 என்றால் எதுவும் விடுபடவில்லை. ஆனால் ஓர் எண் இடம் மாறியிருந்தால் எண்ணிக்கை அதைக் காட்டாது. மூன்றாம் வரிசையின் 6, எட்டாவது கட்டத்துக்குப் பதில் ஏழாவதில் விழுந்துவிட்டது என்று கொள்வோம். அங்கே எந்த எண்ணுடனும் அது மோதாது. இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. பல புதிர்களில் எண்கள் நிற்கும் இடங்கள் சமச்சீரானவை. தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் நிரம்பிய கட்டங்களின் கோலம் மாறாது. இந்தப் புதிரும் அப்படித்தான். மூன்றாம் வரிசையின் எட்டாம் கட்டத்துக்கு இணை, ஏழாம் வரிசையின் இரண்டாம் கட்டம். அங்கே எண் இருந்து இங்கே இல்லையென்றால் எழுதியதில் பிழை. எல்லாப் புதிர்களும் சமச்சீராக இருப்பதில்லை என்பதால், முதலில் படத்தையே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது முரண் பார்த்தல். ஒரே எண் ஒரு வரிசையிலோ, நெடுவரிசையிலோ, பெட்டியிலோ இரண்டு முறை வரக்கூடாது. மங்கிய படத்தில் 6 எளிதில் 8 ஆகத் தெரியும். நான்காம் வரிசையின் நடுவில் உள்ள 6 அப்படி 8 என்று எழுதப்பட்டால், அதே வரிசையின் முதல் கட்டத்திலுள்ள 8உடன் மோதும். ஐந்தாம் நெடுவரிசையின் அடியில் உள்ள 8உடனும், நடுப்பெட்டியில் உள்ள இன்னொரு 8உடனும் மோதும். மூன்று மோதல்களுக்கும் பொதுவாக நிற்பது அந்த ஒரே கட்டம்தான். படத்தில் மீண்டும் பார்க்க வேண்டியது அதைத்தான். ஒரே ஒரு மோதல் என்றால், இரண்டு கட்டங்களில் எது தவறு என்று படம்தான் சொல்ல வேண்டும்.

மோதல் எதுவும் இல்லை என்பதாலேயே எழுதியது சரி என்றாகிவிடாது. ஆறாம் வரிசையின் முதல் கட்டத்திலுள்ள 7, படத்தில் மேல்கோடு மங்கி 1 ஆகத் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரிசையிலும் நெடுவரிசையிலும் பெட்டியிலும் வேறு 1 இல்லை. சோதனையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

இந்தப் பிழை 1களைத் தொடர்ந்து போனால் வெளிப்படும். மேல் இடப்பெட்டியில் 1 வைக்க வேண்டும். இரண்டாம் வரிசையில் ஏற்கெனவே 1 உண்டு. முதல் நெடுவரிசையை அந்தத் தவறான 1 அடைத்துவிட்டது. மிஞ்சுவது முதல் வரிசையின் மூன்றாம் கட்டம் மட்டுமே. அங்கே 1 வந்ததும், மேல் வலப்பெட்டியின் 1 மூன்றாம் வரிசைக்குத் தள்ளப்படுகிறது. ஒன்பதாம் நெடுவரிசையில் 1 இருப்பதால், அது ஏழாம் கட்டத்தில்தான் அமர முடியும். இப்போது கீழ் வலப்பெட்டி. எட்டாம் வரிசையிலும் ஒன்பதாம் நெடுவரிசையிலும் 1 இருப்பதால், அங்கே 1க்கு மிஞ்சும் ஒரே இடம் ஒன்பதாம் வரிசையின் ஏழாம் கட்டம். ஆனால் ஏழாம் நெடுவரிசையில் சற்று முன்தான் 1 வந்தது. ஆக, 1க்கு அந்தப் பெட்டியில் இடமே இல்லை.

புதிரைப் போட்டுக்கொண்டிருக்கும்போது இப்படி முட்டினால், பலரும் தங்கள் கணக்கையே சந்தேகித்து அழித்து அழித்து எழுதுவார்கள். ஊகிக்காமல், ஒவ்வொரு படியும் கட்டாயமாக வந்திருந்தால், பழி கொடுக்கப்பட்ட எண்களில்தான். அந்தத் தொடரில் பயன்பட்ட எண்கள் சிலவே. அவற்றை மட்டும் படத்தைப் பெரிதாக்கி ஒப்பிட்டால் போதும். இங்கே அவை இரண்டாம், ஐந்தாம், ஆறாம், எட்டாம் வரிசைகளில் உள்ள நான்கு 1கள். அடைபட்ட கட்டங்களில் உள்ள மற்ற எண்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம்; ஆனால் 7ஓடு குழம்பக்கூடிய 1களிலிருந்து தொடங்குவதே குறுக்குவழி.

எண் விடுபட்டால் நிலைமை வேறு. அப்போது முரண் ஒருபோதும் எழாது. புதிர் முன்போலவே தீரலாம், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் கிடைக்கலாம். 17க்குக் குறைவான எண்களுடன் ஒரே விடை உள்ள சுடோகு இல்லை என்று 2012இல் கேரி மெக்குவையரின் குழு கணினியால் காட்டியது. எனவே எழுதியதில் 16தான் இருந்தால், ஏதோ விடுபட்டிருக்க வேண்டும்.