மருந்து ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் கேள்வித்தாள்

சர்க்கரை நோய் மருந்து ஆய்வொன்றின் வரைவில் மருத்துவர் இப்படிக் கிறுக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: “சர்க்கரை கட்டுப்படாதவர், சிறுநீரகம் நன்றாக இருக்கணும், சமீபத்தில் ஸ்டீராய்டு கூடாது.” ஆள் சேர்ப்பவருக்கு இது போதாது. மருத்துவரிடமே எல்லை கேட்டு எழுத வேண்டும்: மூன்று மாதத்துக்குள் எடுத்த ரிப்போர்ட்டில் ஹெச்பிஏ1சி 7.5 முதல் 10 வரை உள்ளதா? இஜிஎஃப்ஆர் 60-க்குக் குறையாமல் உள்ளதா? கடந்த 30 நாளில் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்தாரா?

சிக்கல் மூன்றாவதில்தான். முதல் இரண்டில் ‘ஆம்’ என்றால் சேர்க்கலாம். இதில் ‘ஆம்’ என்றால் விலக்க வேண்டும். விலக்குக் கேள்விகளைத் தனிப் பகுதியாக்கினால் கை தவறாது. மூட்டுவலிக்குப் போட்ட ஊசி எதுவென்று நோயாளிக்கே தெரியாமல் இருக்கும். ‘தெரியவில்லை’ என்ற கட்டம் அதற்குத்தான். அங்கே டிக் விழுந்தால் முடிவு மருத்துவருடையது.