முன்பணம் கொடுக்கலாமா? ஐந்தொகை சொல்லும் பதில்

சரக்கு தருபவர் கடன் கொடுப்பதும், வாங்குபவர் தவணை சொல்வதும் வியாபாரத்தின் வழக்கம். முன்பணம் கொடுக்கும்போது இது தலைகீழாகிறது. சரக்கு வந்து சேரும் நாள்வரை வாங்குபவரே கடன் கொடுத்தவர். அதற்குள் சப்ளையர் நொடித்துப் போனால் பணமும் வராது, சரக்கும் வராது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் சப்ளையரின் கணக்கைப் பார்ப்பது, வங்கி கடன் கொடுக்குமுன் செய்யும் அதே வேலைதான்.

அந்தக் கணக்கை ஒரே எண்ணாகச் சுருக்கிப் பார்க்கும் முறையை 1968-இல் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஆல்ட்மன் வெளியிட்டார். அமெரிக்க உற்பத்தி நிறுவனங்கள் 66-ஐ அவர் எடுத்துக்கொண்டார். 33 நொடித்தவை, 33 நிலைத்தவை. இரு கூட்டத்தையும் எந்த விகிதங்கள் சேர்ந்து பிரித்துக் காட்டுகின்றன என்று தேடி, ஐந்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டினார். அந்தக் கூட்டுத்தொகையின் பெயர் இசட் ஸ்கோர். நொடித்த 33 நிறுவனங்களில் 31-ஐ, நொடிப்புக்கு முந்தைய ஆண்டின் கணக்கிலேயே அது அடையாளம் காட்டியது. ஈராண்டுக்கு முந்தைய கணக்கை வைத்துப் பார்த்தபோது அந்த அளவு நூற்றுக்கு 72 ஆகக் குறைந்தது. ஓராண்டுக்கு மேல் முன்னோக்கிப் பார்க்க இது நல்ல கருவி அல்ல.

முதல் சூத்திரத்துக்குப் பங்குச் சந்தை விலை வேண்டும். பெரும்பாலான சப்ளையர்கள் பட்டியலிடப்படாத தனியார் நிறுவனங்கள் என்பதால், அவர்களுக்குப் பின்னால் வந்த இரு வடிவங்களே பொருந்தும். ஒன்று தனியார் உற்பத்தி நிறுவனங்களுக்கானது. மற்றொன்று உற்பத்தி அல்லாத தொழில்களையும் மனத்தில் வைத்து, விற்பனை விகிதத்தை நீக்கியது.

```
Z'  = 0.717 X1 + 0.847 X2 + 3.107 X3 + 0.420 X4 + 0.998 X5
Z'' = 6.56 X1 + 3.26 X2 + 6.72 X3 + 1.05 X4
```

X1 என்பது நடப்புச் சொத்திலிருந்து நடப்புப் பொறுப்பைக் கழித்து வரும் நடைமுறை மூலதனம். X2 இதுவரை சேர்த்து வைத்த லாபம். X3 வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம். X5 ஆண்டு விற்பனை. இந்த நான்கையும் மொத்தச் சொத்தால் வகுக்க வேண்டும். X4 மட்டும் வேறு. உரிமையாளர்களின் பணத்தை மொத்தக் கடன், பொறுப்புகளால் வகுத்தால் அது கிடைக்கும். முதல் வடிவத்தில் 2.90-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு, 1.23-க்குக் கீழே இருந்தால் ஆபத்து. இரண்டாவதில் இந்த எல்லைகள் 2.60, 1.10. நடுவில் இருப்பது எந்தப் பக்கமும் சொல்ல முடியாத சாம்பல் பகுதி.

ஓர் எடுத்துக்காட்டு. கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒருவரிடம், அவருக்கு வார்ப்புகள் தரும் ஃபவுண்டரி 40 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறது. 90 நாளில் சரக்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறது. ஃபவுண்டரியின் மொத்தச் சொத்து 1,000 லட்சம். நடப்புச் சொத்து 520, நடப்புப் பொறுப்பு 480. சேர்த்து வைத்த லாபம் 90. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 60. உரிமையாளர் பணம் 200, வெளியாருக்குத் தர வேண்டியது 800. ஆண்டு விற்பனை 1,500 லட்சம்.

விகிதங்கள் முறையே 0.04, 0.09, 0.06, 0.25, 1.5. முதல் சூத்திரத்தில் விடை 1.89. சாம்பல் பகுதிதான் என்றாலும் ஆபத்து எல்லையிலிருந்து நல்ல தூரம் இருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் அந்த 1.89-இல் 1.50 விற்பனை விகிதம் ஒன்றிலிருந்தே வருகிறது. மற்ற நான்கும் சேர்ந்து தருவது 0.40-க்கும் குறைவு. குறைந்த லாபத்தில் நிறைய விற்கும் எந்த ஃபவுண்டரியும் இப்படித்தான் நன்றாகத் தோன்றும். விற்பனையை நீக்கிய இரண்டாவது சூத்திரத்தில் அதே கணக்கு 1.22 காட்டுகிறது. ஆபத்து எல்லையான 1.10-ஐ அது ஒட்டி நிற்கிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கணக்கில் இருக்கும் சொத்து உண்மையில் பணமாகுமா என்பது. 2021-22 நிதியாண்டிலிருந்து இந்தியக் கம்பெனிகள் தங்களுக்கு வர வேண்டிய பாக்கிகளை வயதுவாரியாகப் பிரித்து ஐந்தொகைக் குறிப்பில் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், இரண்டு, மூன்று ஆண்டுக்குள், அதற்கும் மேல் என்று அந்த அட்டவணை போகும். இந்த ஃபவுண்டரியின் அட்டவணையில் இரண்டாண்டைத் தாண்டிய பாக்கி 60 லட்சம் இருக்கிறது என்று கொள்வோம். அது வரப்போவதில்லை என்று கருதி நடப்புச் சொத்திலிருந்தும் சேர்த்து வைத்த லாபத்திலிருந்தும் கழித்துவிட்டால், நடைமுறை மூலதனம் 20 லட்சம் பற்றாக்குறையாக மாறுகிறது. உரிமையாளர் பணம் 140 ஆகிறது.

இப்போது முதல் சூத்திரம் காட்டுவது 1.88. 60 லட்சம் போன பிறகும் அசைவே இல்லை. சொத்து சுருங்கியதால் அதே 1,500 லட்சம் விற்பனை இன்னும் பெரிய விகிதமாகி, மற்ற இழப்புகளை மூடி மறைத்துவிட்டது. இரண்டாவது சூத்திரமோ 0.58-க்கு விழுகிறது. அது தெளிவான ஆபத்துப் பகுதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டியதன் காரணம் இதுதான். இரண்டும் வெகுவாக விலகினால், எண்ணை விட்டுவிட்டு எந்த விகிதம் அதைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கணக்கின் வயதும் முக்கியம். மார்ச் 31-இல் முடியும் ஆண்டுக்கான கணக்கைக் கம்பெனிகள் பொதுவாக அக்டோபர் இறுதிக்குள் AOC-4 படிவத்தில் மத்திய அரசிடம் தாக்கல் செய்கின்றன. கட்டணம் செலுத்தி யாரும் அதைப் பார்க்கலாம். கைக்கு வரும்போதே அது ஏழு மாதம் பழையதாக இருக்கக்கூடும். அடுத்த தாக்கல் வரும் தறுவாயில் அதன் வயது ஒன்றரை ஆண்டு. எனவே மூன்று ஆண்டுக் கணக்குகளை வரிசையாகப் போட்டு, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது நல்லது. இடைப்பட்ட மாதங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்னையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சப்ளையரிடமே கேட்கலாம். கூட்டு வணிகமாகவோ தனி உரிமையாகவோ நடக்கும் தொழில் என்றால் அரசிடம் இந்தத் தாக்கல் இருக்காது. ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கைக் கேட்டு வாங்குவதுதான் வழி. பங்குதாரர் சொந்தப் பெயரில் வாங்கிய கடனும், வேறு நிறுவனத்துக்குக் கொடுத்த ஜாமீனும் எந்த விகிதத்திலும் தெரியாது.

ஆபத்து என்று எண் சொன்னதும் சப்ளையரைக் கைவிட வேண்டியதில்லை. அது சொல்வது, பாதுகாப்பில்லாத முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பதை மட்டுமே. நொடிப்புச் சட்டத்தின் கீழ் நிறுவனம் கலைக்கப்படும்போது தொழிலாளர் பாக்கி, ஈடு பெற்ற வங்கி, ஈடில்லாமல் நிதிக்கடன் கொடுத்தவர், அரசு பாக்கி எல்லாம் முன்னால் நிற்கும். சரக்குக்கு முன்பணம் கொடுத்தவர் தொழில்சார் கடனாளர் வகையில் வருவார் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடர அது உரிமை தந்தது. வரிசையில் அவரது இடம் பின்னால்தான்.

பம்ப்செட் செய்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. 40 லட்சத்துக்கும் வங்கி உத்தரவாதம் கேட்கலாம்; ஆனால் பலவீனமான ஃபவுண்டரிக்கு வங்கி அதைத் தருவது கடினம். முன்பணத்தைப் பத்துப் பத்து லட்சமாக உடைத்து, ஒரு தவணைக்கான வார்ப்பு வந்த பிறகே அடுத்ததைக் கொடுக்கலாம். அப்போது எந்த நாளிலும் நட்டம் பத்து லட்சத்தைத் தாண்டாது. மூன்றாவது, கச்சா இரும்பையும் ஸ்கிராப்பையும் தானே வாங்கி, டெலிவரி சலானோடு ஃபவுண்டரிக்கு அனுப்பி, வார்ப்புக்கு ஜாப் ஒர்க் கூலி மட்டும் கொடுப்பது. பொருள் வாங்குபவருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி, தனியாக அடுக்கி வைத்திருந்தால், ஃபவுண்டரி நொடித்தாலும் அது அதன் சொத்துக் கணக்கில் சேராது. 0.58 எண் காட்டும் ஃபவுண்டரிக்குப் பொருத்தமானவை பின்னிரண்டு வழிகளே.